எண்ணாயிரத்துக்கு ஒரு வால்

ஆறு வீடுகள் கொண்ட அந்த மாடிக்கட்டிடத்தின் சொந்தக்காரியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே "அக்கா", முதுகுக்குப் பின்னால் "ரசீதம்மா". இரும்புக்கடை கல்லாவில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவர். எதற்கும் ரசீது கொடுக்காமல் அவருக்குக் கை நிற்காது. மளிகைக்குப் பணம் எடுத்துப் போகும் கணவரிடம்கூட ஒருநாள் கையெழுத்து வாங்கினார். மனிதர் அன்று மாலைவரை பேசவில்லை. ரசீதம்மா அதைக் கவனிக்கவும் இல்லை, கணக்கில் மூழ்கியிருந்தார்.

எல்லா வீட்டுக்கும் ஒரே வாடகை, எண்ணாயிரம். கையில் நோட்டாகக் கொடுத்த காலத்தில் சிக்கல் இல்லை, கொடுத்த ஆளின் முகம் எதிரே இருந்தது. வங்கி வழியாக வரத் தொடங்கிய பிறகுதான் தலைவலி. ஒருத்தர் மனைவி கணக்கிலிருந்து அனுப்புவார், இன்னொருத்தருக்கு அவர் வேலைபார்க்கும் கம்பெனி அனுப்பும், மூன்றாமவருக்கு மச்சான். வங்கியில் தெரியும் பெயருக்கும் வாசலில் தெரியும் முகத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ரசீதம்மா ஒரே வாரத்தில் வழி கண்டுபிடித்தார். வீட்டு எண் எதுவோ அதை வாடகையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். ஒன்றாம் வீடு எண்ணாயிரத்து ஒன்று, இரண்டாம் வீடு எண்ணாயிரத்து இரண்டு, இப்படியே ஆறு வரை. அந்தக் கடைசிச் சில்லறைக்கு அவர் வைத்த பெயர் வால்.

"பேரு எதுவா வேணா இருக்கட்டும். வாலைப் பார்த்தா ஆளைச் சொல்லிடுவேன்" என்று அவர் பெருமையாகச் சொல்வார். பெருமைப்படத்தான் வேண்டும். அந்தத் தெருவில் வாடகை வசூலுக்காகப் படியேறி இறங்கி மூச்சு வாங்காத ஒரே வீட்டுக்காரர் அவர்தான்.

பேரேடும் ஒழுங்காக இருந்தது. வீட்டுக்கு ஒரு பக்கம், மாதத்துக்கு ஒரு வரி. எந்த மாதத்து வாடகை, எந்தத் தேதியில் வந்தது, யார் கணக்கிலிருந்து வந்தது என்று தனித்தனிக் கட்டம். ஐந்தாம் தேதி தாண்டினால் சிவப்பு மை. ஆறாம் வீட்டு நில அளவையாளர் ஊர் ஊராகப் போகிறவர், மூன்று மாதத்தைச் சேர்த்து இருபத்து நான்காயிரத்துப் பதினெட்டாக முன்கூட்டியே அனுப்பிவிடுவார். அதை மூன்று வரியாகப் பிரித்து எழுதிவிட்டால் அடுத்த இரண்டு மாதம் வங்கியில் ஒன்றும் வராவிட்டாலும் அவர் பாக்கிக்காரர் ஆகமாட்டார். குடிவரும்போது வாங்கிய மூன்று மாத அட்வான்ஸ் கடைசிப் பக்கத்தில் தனியாக இருக்கும். அதை வாடகையோடு கலக்கவே கூடாது, காலி செய்யும் அன்றுதான் தொடலாம் என்பது அவர் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. இரண்டு மாதம் வாடகை நின்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார். அதுவரை யாரிடமும் சொல்ல நேர்ந்ததில்லை.

அந்த மாதம் பிறந்தபோது இரண்டு வீடுகளில் போன மாதத்து வாடகை பாக்கி. இரண்டாம் வீட்டுத் தையல் மாஸ்டர், பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்த பணம் துணிக்கடையில் மாட்டிக்கொண்டது, அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்துத் தருகிறேன் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். நான்காம் வீட்டு வேன் டிரைவரும் போன மாதம் தரவில்லை. அவருக்கு அவருடைய அண்ணன் கைகொடுப்பதாக ஏற்பாடு.

மூன்றாம் தேதி, கேள்விப்படாத ஒரு பெண்ணின் கணக்கிலிருந்து பதினாறாயிரத்து நான்கு வந்தது. ரசீதம்மா வாலைப் பார்த்தார். நான்கு. டிரைவரின் அண்ணி போலிருக்கிறது என்று முடிவுகட்டி, இரண்டு மாதத்தையும் நான்காம் வீட்டுப் பக்கத்தில் வரவு வைத்தார். நியாயப்படி பதினாறாயிரத்து எட்டு வந்திருக்க வேண்டும். போகட்டும், பாவம், ஒரு மாதத்து வாலை மறந்திருப்பார்கள் என்று ஓரத்தில் 'நான்கு தள்ளுபடி' என்று தாராள மனத்தோடு எழுதினார். ரசீது கையில் கிடைத்ததும் டிரைவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"அண்ணன் கட்டிட்டானா! சொல்லவே இல்லையே அக்கா!"

ஐந்தாம் தேதி போனது, ஆறாம் தேதி போனது. இரண்டாம் வீட்டு வால் வரவில்லை. ரசீதம்மாவின் தம்பி, வீட்டுத் தரகு பார்ப்பவர். அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பத்தாயிரம் தருவதற்கு ஒரு ஆள் இருக்கிறார், வீடு கிடைத்தால் போதும் என்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். ஏழாம் தேதி, மாடிப்படியில் இறங்கிவந்த மாஸ்டரை ரசீதம்மா நிறுத்தினார். தம்பி பக்கத்தில் நின்றார். மூன்றாம் வீட்டுக்காரரும் துணி காயப்போடுவதை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்.

"மாஸ்டர், ரெண்டு மாசம் நிக்குது. நீங்க கட்டல."

"கட்டியாச்சே அக்கா. துணிக்கடைக்காரர் எனக்குத் தரவேண்டியத நேரா உங்களுக்கே அனுப்பிட்டேன்னாரு."

"கடை பேருல எதுவும் வரல. உங்க வாலும் வரல."

மாஸ்டர் அங்கேயே துணிக்கடைக்காரருக்குப் போன் செய்தார். சரக்கு எடுக்க வெளியூர் போன மனிதர், போன் அணைந்திருந்தது.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நாளைக்கு ஆள் பார்க்க வருவாங்க, வீட்டைத் திறந்து வைங்க" என்றார் தம்பி.

மாஸ்டர் ரசீதம்மாவைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தது போலத்தான் இருந்தது. ரசீதம்மா, "கணக்குல இல்லாததை நான் எப்படி மாஸ்டர் இருக்குன்னு சொல்றது?" என்றார். ஒன்பது வருடம் குடியிருந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் டிரைவர் வந்து கதவைத் தட்டினார். கையில் அந்த ரசீது.

"அக்கா, நன்றி சொல்லலாம்னு அண்ணனுக்குப் போன் பண்ணேன். அவன் இன்னும் அனுப்பவே இல்லியாம். அடுத்த வாரம்தான் பணம் வருமாம். இது என் ரசீது இல்ல போலிருக்கு. வச்சுக்கோங்க."

"உங்க அண்ணி பேரு என்ன?"

டிரைவர் சொன்ன பெயர் வேறு. ரசீதம்மா பேரேட்டைத் திறந்தார். 'நான்கு தள்ளுபடி' அவர் கையெழுத்திலேயே அவரைப் பார்த்து இளித்தது. நான்காம் வீட்டுக்கு இரண்டு மாதம் என்றால் வால் எட்டு. வால் நான்காக வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. மாதத்துக்கு இரண்டு வீதம், இரண்டு மாதத்துக்கு நான்கு. மாஸ்டர், ரசீதம்மா சொல்லிக்கொடுத்த கணக்கை அட்சரம் பிசகாமல் துணிக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார், அவரும் தன் வீட்டுப் பெண் கணக்கிலிருந்து அப்படியே அனுப்பியிருக்கிறார். ஆறாம் வீட்டின் பதினெட்டை மூன்றால் வகுக்கத் தெரிந்த ரசீதம்மாவுக்கு, நான்கை இரண்டால் வகுக்கத் தோன்றவில்லை. அவருக்கு முகம் சுட்டது. வெட்கமாக இருந்தது, தன்மேல் கோபமாகவும் இருந்தது. கல்லாவில் இருந்த இத்தனை வருடத்தில் ஒரு நாளும் ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் எழுதியதில்லை.

ஆனால் தலையில் கைவைத்து உட்காரும் ரகம் இல்லை அவர். டிரைவரின் ரசீதில் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினார். நான்காம் பக்கத்து வரவை அடித்து, இரண்டாம் பக்கத்தில் மூன்றாம் தேதி போட்டே எழுதினார். இந்த மாதத்து வாடகையில் சிவப்பு மைக்கு வேலையே இல்லை.

அதற்குள் தம்பி வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டும் அவருக்கு உற்சாகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"அப்போ நாலாம் வீடுதானே பாக்கி? என் ஆளுக்கு எந்த வீடா இருந்தா என்ன? பாக்கிய அட்வான்ஸ்ல கழிச்சுட்டு டிரைவரை அனுப்புக்கா."

"அட்வான்ஸைத் தொடற பேச்சு வேண்டாம். காலி செய்யச் சொல்லலாம்னுதான் எழுதியிருக்கேன், சொல்லியே ஆகணும்னு எழுதல. ஓசியில வந்த ரசீதைத் திருப்பிக் கொடுத்த ஆளு, அவரு அடுத்த வாரம் கட்டுவாரு. நீ உன் ஆளுக்கு வேற கட்டிடம் காட்டுடா."

டிரைவர் ஒரு கும்பிடு போட்டு வேனை எடுக்க ஓடினார். ரசீதம்மா புது ரசீதோடு படியேறினார்.

இரண்டாம் வீட்டில் துணிமூட்டைகள் கட்டிக்கிடந்தன. மாஸ்டர் தையல் மெஷினின் மேல்பகுதியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு வீடு பார்த்து, நேற்று மாலையே டோக்கன் அட்வான்ஸாக இரண்டாயிரம் கொடுத்துவிட்டார்கள். ஒன்பது வருடக் குடித்தனத்தைத் தன் பேனா ஒரே நாளில் மூட்டை கட்டவைத்துவிட்டதே என்று ரசீதம்மாவுக்கு இருந்தது.

அவர் உள்ளே போகவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கீழே இருந்த தம்பிக்கும் மூன்றாம் வீட்டுக்காரருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"மாஸ்டர் ரெண்டு மாசத்தையும் மூணாம் தேதியே கட்டிட்டாரு. நான்தான் நாலாம் வீட்டுல எழுதிட்டேன். தப்பு என்னோடது!"

பிறகு வாசலில் நின்று ரசீதை நீட்டினார். "மாஸ்டர், போகாதீங்க. அந்த ரெண்டாயிரம் திரும்பி வராதுன்னா அடுத்த மாச வாடகையில கழிச்சுக்கோங்க. என் தப்புக்கு நீங்க ஏன் கட்டணும்?"

மாஸ்டர் ரசீதைப் படித்தார். திருகாணி இன்னும் கையில் இருந்தது. "பணம் பெரிசில்ல அக்கா" என்றார். மனைவிதான் எழுந்து வந்தார்.

"'கட்டிட்டீங்களா'ன்னு நீங்க எங்களைக் கேட்டிருந்தா, நாங்களும் நீங்களும் உட்கார்ந்து தேடியிருப்போம். ஒன்பது வருஷம் இருந்திருக்கோம். கட்டலன்னு சொல்லிட்டீங்களேக்கா."

ரசீதம்மாவின் கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"இனிமே கேக்கறேன்மா" என்றார்.

மாஸ்டர் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனைவி சாக்கிலிருந்து ஒரு பாத்திரத்தை வெளியே எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். மாஸ்டர் குனிந்து மெஷினைத் திரும்பப் பூட்டத் தொடங்கினார்.