கூட வரும் ஆள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. வராமல் என்ன செய்யும்? எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறையில் பதினெட்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். உடம்பில் ஏதாவது இரும்பு உண்டா என்று ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்பேன். நாலு தடவையும் இல்லை என்று தலையாட்டிவிட்டு, படுக்கப் போகும்போது "பேஸ்மேக்கர் கூடவா சொல்லணும்?" என்பார்கள். ஒருவர் இடுப்பில் சாவிக்கொத்தோடு கதவு வரைக்கும் வந்துவிட்டார். உள்ளே இருக்கிற காந்தத்துக்கு ஓய்வே கிடையாது, ஆள் இல்லாத நேரத்திலும் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பது யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை.

கழுத்து ஸ்கேனுக்கு வந்த லேத்துக்காரர் அப்படிப் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் வேறு ரகம். ஐம்பத்தாறு வயது, வெளுத்துப்போன சட்டை, நகக்கண்ணில் என்றைக்கும் போகாத கருப்பு எண்ணெய். முப்பது வருடமாக லேத்தில் இரும்பு கடைந்தவர். கழுத்தில் நரம்பு அழுந்தி, இரண்டு கையும் மரத்துப்போய்க்கொண்டிருந்தது. சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை, கருவியைப் பிடித்தால் நழுவுகிறது என்றார். ஸ்கேன் எடுத்தால்தான் எங்கே அழுத்துகிறது என்று பார்த்து ஆபரேஷன் செய்ய முடியும், தள்ளிப்போட்டால் போன பலம் திரும்பாது என்று சர்ஜன் சீட்டிலேயே எழுதி அனுப்பியிருந்தார்.

"உடம்புல இரும்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"தொடையில ராடு இருக்கு, சிஸ்டர். பதினாலு வருஷம் ஆச்சு. பயப்பட வேண்டியதில்ல. பட்டறைக் காந்தத்தைத் தொடை மேல வச்சுப் பார்த்துட்டேன். ஒட்டல."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "தோலு, சதை எல்லாம் தாண்டி உங்க பட்டறைக் காந்தம் எலும்புக்குள்ள இருக்கிறதை இழுக்குமா? இங்க இருக்கிற காந்தத்துக்கு முன்னாடி அது பொம்மை."

"எந்த உலோகமா இருந்தாலும் நாங்க அப்படித்தான் பார்ப்போம்" என்றார், கொஞ்சம் ரோஷத்தோடு.

ராடு வைத்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள், காகிதம் எதுவும் இல்லை. அதனால் தொடையை எக்ஸ்ரே எடுத்தோம். கூடவே கண்ணையும் எடுத்தோம். லேத்தில் வேலை செய்கிறவர்களின் கண்ணில் இரும்புத் துகள் தெறித்து உள்ளேயே தங்கியிருக்கலாம். காந்தத்துக்கு முன்னால் அது அசைந்தால் பார்வையே போய்விடும். தொடையில் இருந்த ராடு எலும்போடு நன்றாகப் பொருந்தி இறுகியிருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, என்ன மாதிரி ராடு என்று தெரிகிறது, இதனால் தடையில்லை, கழுத்துப் படத்துக்கும் குந்தகம் வராது, தொடை சூடாகிற மாதிரி தோன்றினால் மட்டும் உடனே சொல்லச் சொல்லுங்கள் என்றார். கண்ணும் சுத்தம். ஆகாத காரியம் இவ்வளவு சீக்கிரம் ஆகிவிட்டதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பட்டறைச் சட்டையில் இரும்புத் தூள் இருக்கும் என்று அதைக் கழற்ற வைத்து, ஆஸ்பத்திரி உடுப்பைக் கொடுத்து, மேஜையில் படுக்க வைத்தேன். கழுத்துக்கு எடுக்கும்போது முகத்துக்கு மேல் கூண்டு மாதிரி ஒன்றை வைப்போம். காதில் பஞ்சு வைத்து, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, ஏதாவது என்றால் அழுத்துங்கள் என்றேன். தலை மிஷின் குழாய்க்குள் போனதுதான் தாமதம், அழுத்தினார். மரத்துப்போன கை அல்லவா, பந்து சரியாக அமுங்கவில்லை. கால் இரண்டையும் உதைக்க ஆரம்பித்துவிட்டார். வெளியே இழுத்ததும் எழுந்து உட்கார்ந்து, நனைந்த துணி மாதிரி வியர்த்துப்போய், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல கதவைச் சாத்திட்டுத் தூங்க மாட்டேன், சிஸ்டர். அதான்" என்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இது நூத்துல பத்துப் பேருக்கு வரும்" என்றேன். என்னால் அதட்ட முடியவில்லை.

பக்கவாட்டில் திறந்திருக்கும் ஸ்கேன் மிஷின் ஒன்று வெளியூரில் இருந்தது. குழாய் இல்லை, மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, பக்கத்தில் வெளிச்சம். முழங்காலுக்கும் தோளுக்கும் அங்கே நிறையப் பேரை அனுப்பியிருக்கிறேன். இங்கே அலறியவர்கள் அங்கே நிம்மதியாகப் படுத்திருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அதன் காந்தத்துக்கு வலு குறைவு, நேரமும் அதிகம் பிடிக்கும். நரம்பை அத்தனை நுணுக்கமாகப் பார்க்க அது போதாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். ஊசி போட்டு மயக்கநிலையில் எடுக்கலாம் என்று முடிவாயிற்று.

"ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி தண்ணியையும் நிறுத்திடணும். கூட ஒரு பெரிய ஆள் வரணும். முடிஞ்சதும் அவங்கதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும், ராத்திரி முழுக்க கூட இருக்கணும். ஆள் இல்லன்னா ஊசி கிடையாது" என்றேன்.

"வருவாங்க" என்றார்.

குறித்த நாளில் தனியாகத்தான் வந்தார். அக்கா மகன் கீழே வண்டியை நிறுத்தப் போயிருக்கிறான் என்றார். படிவத்தில் அவன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அரை மணி நேரம் ஆயிற்று. வண்டியை அடுத்த ஊரிலா நிறுத்துகிறான் என்று அந்த நம்பரைக் கூப்பிட்டேன். அவர் மடியில் இருந்த துணிப்பைக்குள் மணி அடித்தது.

சுள்ளென்று வந்தது எனக்கு. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். மயக்கத்தில் ரோட்டில் விழுந்து வண்டியில் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்றேன். உங்களுக்கு ஒரு ஆள் கூடவா இல்லை என்றும் கேட்டுவிட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது.

அவர் போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். "ஒருத்தி இருக்கா. கூப்பிடுற மாதிரி நான் வச்சுக்கல" என்றார்.

மனைவி பிரிந்து போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பட்டறையில் அவசர வேலை. முடித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவர் ஐந்து நாளும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் வயிற்றுத் தையலோடு பையைத் தூக்கிக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்திருக்கிறாள். மறுமாதம் அண்ணன் வீட்டுக்குப் போனவள் போனவள்தான். சண்டை கூடப் போடவில்லையாம்.

"அவகிட்ட எந்த மூஞ்சியோட கேப்பேன், எனக்குத் துணைக்கு வான்னு?" என்றார். பிறகு, "நீங்க பேசுறீங்களா, சிஸ்டர்?"

"நான் என்ன கல்யாணத் தரகரா? உங்க பொண்டாட்டி, நீங்க பேசுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் வந்தாள். ஒல்லியான பெண்மணி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை என்று சொன்னாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். படிவத்தில் உறவு என்கிற இடத்தில் மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது லேத்துக்காரர் என் காதருகே சொன்னார்: "வீட்டுக்குப் போற வழியில சொல்லிடப்போறேன், சிஸ்டர். அன்னைக்கு வராதது தப்புன்னு. மூணு நாளா மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துட்டே இருக்கேன்."

மயக்க டாக்டர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். மூக்கில் ஆக்சிஜன், விரலில் நாடி பார்க்கும் கிளிப். கண் சொருகியது. முகக்கூண்டை வைத்தோம், குழாய்க்குள் அனுப்பினோம். அத்தனை இரைச்சலிலும் நாற்பது நிமிடம் அசையாமல் கிடந்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து மனைவியைக் கூப்பிட்டேன். அவர் கண்ணைத் திறந்திருந்தார், பேச்சு குழறியது. அவள் என்னிடம் கேட்டாள், "இப்ப பேசுறதெல்லாம் இவருக்கு நினைவிருக்குமா?"

"இருக்காதும்மா. அந்த மருந்து அப்படி. முழிச்சிருக்கிற மாதிரி தெரியும், பதில் கூட சொல்லுவாங்க. அப்புறம் ஒண்ணும் நினைவிருக்காது."

அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அவர் அவள் கையைப் பிடித்தார். பிடி நழுவியது, அவளே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். அன்னைக்கு வந்திருக்கணும், வேலை ஒரு சாக்கு, ஆஸ்பத்திரி அறையில கதவைச் சாத்துவாங்கன்னு பயம், அதை உன்கிட்ட சொல்ல வெட்கம் என்று குழறிக் குழறிச் சொன்னார். அழுதார். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் கோபம் எப்பவோ போயிடுச்சு" என்றாள் அவள். "பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாசல்ல வந்து நின்னு பேசியிருப்பேன். இப்ப திரும்பி வர மாட்டேன். தனியா இருந்து பழகிட்டேன். ஆனா உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நிம்மதியா தூங்குங்க." சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் ரிப்போர்ட் வாங்க லேத்துக்காரர் தனியாக வந்தார். அடுத்த வாரம் ஆபரேஷன், பட்டறை முதலாளி துணைக்கு இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றார். கவரை வாங்கிய பிறகும் போகவில்லை.

"எப்படி வீடு போனேன்னே தெரியல, சிஸ்டர். ராத்திரி முழிச்சுப் பார்த்தேன். கதவைத் திறந்து வச்சிட்டு, வாசப்பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தா. முகம் அவ்வளவு அமைதியா இருந்துச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் வரல. விடிஞ்சதும், போயிட்டு வர்றேன்னு கூட சொல்லாம போயிட்டா. நான் அவகிட்ட மன்னிப்பு எதுவும் கேக்கலையா?"

எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. "கேட்டீங்க. எல்லாம் சொன்னீங்க" என்றேன்.

"அவ?"

அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். திரும்பி வர மாட்டேன் என்றதையும் சொன்னேன். அவர் சின்னப் பிள்ளை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் முகத்தைப் பார்த்துச் சொன்னாளா?"

"நான் திரும்பி நின்னு எழுதிட்டிருந்தேன். பாக்கல" என்றேன். அந்த நிமிடம் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. "முழிச்சிருக்கும்போது போய் இன்னொரு தடவை கேளுங்களேன். அவங்க சொல்லுவாங்க."

அவர் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கையில் பிடிக்க முடியவில்லை.

"எதுக்கு, சிஸ்டர்? பதினோரு வருஷம் கழிச்சு அவ சொல்லிட்டா" என்றார். "அதைக் கேட்ட ஆள்தான் நானில்லாம நீங்களாப் போயிட்டீங்க."