அடித்தல் திருத்தலுடன் சில லித்துவேனிய வாக்கியங்கள்

லித்துவேனிய மொழித் தேர்வில் நான் தேறவில்லை என்ற செய்தி வந்தபோது தென்காசியில் சாரல் ஆரம்பித்திருந்தது. விடுமுறைக்கு வந்திருந்தேன். ஊரே குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்க்கொண்டிருக்க, நான் மட்டும் ஜன்னலோரம் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன்.

லித்துவேனியாவில் நான் படிப்பது மருத்துவம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் விடுவார்கள், படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் அவர்கள் மொழியில் தேறினால்தான் மூன்றாம் ஆண்டு. மறுதேர்வு செப்டம்பரில். அதிலும் கோட்டை விட்டால் ஒரு வருடம் போச்சு. மறுதேர்வுக்கு என் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மொழி ஆசிரியையின் கையில் இருந்தது. அவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். "தினமும் உன் வீட்டில் நடப்பதைப் பற்றிச் சில வாக்கியங்கள் எழுது. கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.

எழுதுவதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும்? பள்ளியில் கையெழுத்துக்கும் சுத்தத்துக்கும் பரிசு வாங்கியவள். எங்கள் ஊரில் விடைத்தாள் என்றால் அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு எழுத்து பிசகினாலும் அம்மா தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதச் சொல்வாள். அதே பழக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் போனில் போட்டுச் சரிபார்த்து, தப்பான தாளைக் கசக்கி எறிந்து, கடைசியில் முத்து முத்தாக நகல் எடுத்து அனுப்பினேன். "நன்று" என்று பதில் வரும். மறுநாளும் "நன்று". அவ்வளவுதான். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் வீடியோ வகுப்பு. "முந்தாநாள் எழுதியதைப் பார்க்காமல் சொல்" என்றார் ஆசிரியை. வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நீ அனுப்பும் தாளில் ஒரு தப்பும் இல்லை. எதைச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியே போனால் உன் பெயரை நான் அனுப்ப முடியாது" என்று சாந்தமாகச் சொல்லிவிட்டு அழைப்பை முடித்தார்.

மறுநாள் ஞாயிறு. மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்காதே என்று அம்மா என்னை ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். அம்மா குளிக்க வரவில்லை, பை பார்த்துக்கொள்கிறேன் என்று டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். குளித்துத் தலை துவட்டியபோதுதான், மாலையில் மறுபடி வகுப்பு இருப்பதும் அன்றைய வாக்கியங்களை இன்னும் எழுதாததும் உறைத்தது. போனில் சிக்னல் இல்லை. பையிலிருந்த தாளை எடுத்து, ஈரக்கையோடு, மண்டையில் தோன்றியதைத் தோன்றியபடி கிறுக்கினேன். அடித்தேன், மேலே எழுதினேன், அதையும் அடித்தேன்.

தென்காசி வந்து சேர்ந்ததும் நகல் எடுக்கத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. போகிறது போ, எப்படியும் பெயரை அனுப்பப் போவதில்லை என்று அந்தக் கண்ணராவியை அப்படியே படம் பிடித்து அனுப்பிவிட்டேன்.

திரையில் வந்த ஆசிரியை சிரித்துக்கொண்டிருந்தார். என் தாள் முழுக்கச் சிவப்பு. "இன்றைக்குத்தான் உன்னைப் பார்க்கிறேன்" என்றார்.

லித்துவேனிய மொழியில் சில உயிரெழுத்துகளுக்குக் கீழே ஒரு சின்ன வால் உண்டு. ą, ę என்று எழுதுவார்கள். ஒரு காலத்தில் மூக்கால் ஒலித்தவை, இப்போது வெறுமனே நீண்டு ஒலிக்கின்றன. சிக்கல் என்னவென்றால், வால் இல்லாத a, e எழுத்துகளும் அழுத்தம் விழுந்தால் பல சொற்களில் நீண்டுவிடும். எழுத்து மாறாது. வீடு என்ற namas சொல்லை நான் nąmas என்று எழுதியிருந்தேன். அதன் பன்மையில் அழுத்தம் கடைசிக்குப் போய்விடுவதால் a குறுகும். அங்கே வால் போடாமல் namai என்று சரியாக எழுதியிருந்தேன். "பார், உன் காது பொய் சொல்லவில்லை. அழுத்தம் இடம் மாறுவது உனக்குக் கேட்கிறது. கைக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை" என்றார்.

அடுத்தது, அம்மாவுக்கு முழங்கால் வலிக்கிறது என்ற வாக்கியம். Mamai skauda kęlis என்று எழுதியிருந்தேன். 'அம்மாவுக்கு' என்ற இடம் சரி, தமிழிலும் அதே 'கு'தானே. ஆனால் நம் மொழியில் முழங்கால் உருபு ஏதும் இல்லாமல் நிற்கும், அவர்களுக்கோ அதற்கும் 'ஐ' வேண்டும். அதாவது kelį. நடுவில் தேவையில்லாத வாலைப் போட்டுவிட்டு, கடைசியில் தேவையான வாலை விட்டிருந்தேன். ஒரே சொல்லில் மூன்று தப்பு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மாவுக்கு நிஜமாகவே முழங்கால் வலியா?" என்று ஆசிரியை கேட்டார்.

"அது எப்போதும் உள்ளதுதான்."

"பக்கத்தில் இருந்தால் கூப்பிடு. அவர்தான் நோயாளி. நீ என் மொழியில் கேட்டு, அவர் சொல்வதை என் மொழியிலேயே எனக்குச் சொல். தப்பு வரட்டும், நிறுத்தாதே."

அம்மா தையல் மிஷினிலிருந்து எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேமரா முன்னால் விறைப்பாக உட்கார்ந்தாள். Kur skauda? என்று கேட்டுவிட்டு, "எங்க வலிக்கும்மா?" என்றேன்.

"இங்கன. முட்டிக்கு உள்பக்கமா."

Nuo kada? "எப்பருந்து?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நீ ரெண்டாம் வருசத்துக்கு ஏரோப்ளேன் ஏறுனியே, அந்த வாரம். மாடிப்படியில பாசி. வழுக்கிட்டு."

நான் திரையை விட்டுவிட்டு அம்மாவின் காலைப் பார்த்தேன். "மேலே சொல்" என்றார் ஆசிரியை. 'விழுந்தாள்', 'படி' என்று தெரிந்த சொற்களையெல்லாம் உருபு முன்னே பின்னே ஒட்டிச் சொன்னேன். இரண்டு இடத்தில் தப்பு என்று எனக்கே தெரிந்தது, திரும்பப் போய்த் திருத்திக்கொண்டேன். படி ஏறினால் வலிக்குமா என்று கேட்டேன்.

"ஏறுனா தெரியல. எறங்கத்தான் உயிர் போகுது. மிஷினையும் இப்ப இடது காலாலதான் மிதிக்கேன்" என்றாள் அம்மா, ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரி.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஏட்டி, போன்ல தெனமும் வலிக்கான்னு கேட்ப, பரவால்லன்னு சொல்லுவேன். எங்கன, எப்பருந்துன்னு இன்னைக்குத்தான கேக்க?"

அம்மா பேசியது ஆசிரியைக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் என்னைத் திருத்தாமல் காத்திருந்தார். அம்மாவின் காலைத் தூக்கி என் மடிமேல் வைத்து அழுத்திப் பார்த்தேன். வீங்கியிருந்தது. "வலது முழங்கால். ஒரு வருடமாக. படி இறங்கும்போது" என்று லித்துவேனிய மொழியில் சொல்லி முடித்தேன்.

"உன் பெயரை அனுப்புகிறேன்" என்றார் ஆசிரியை.

"என்னட்டி சொல்லுதா?" என்றாள் அம்மா.

"நாளைக்குக் காலையில உன்னய எலும்பு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுதாங்க" என்றேன்.