காற்றையும் சேர்த்து அளந்தவர்

பரவை ஊரைத் தாண்டி இருக்கும் எங்கள் கம்பெனியில் தோட்டத்து மோட்டாரைத் தூரத்திலிருந்தே போட்டு நிறுத்தும் ரிமோட் செய்கிறோம். அதன் ரேடியோ போர்டை வடிவமைத்தது நான். வரப்பில் நின்று பட்டனை அமுக்கினால் கிணற்றடியில் மோட்டார் ஓட வேண்டும். அந்த ஒரு காரியத்துக்காகத்தான் ஜனங்கள் அதை வாங்குகிறார்கள்.

சோழவந்தான் பக்கத்து விவசாயி ஒருவர் போன் பண்ணிக் கத்தியபோது பேட்டரியாக இருக்கும் என்றுதான் கிளம்பிப் போனேன். புது பேட்டரி போட்டேன். மோட்டார் ரூம் வாசலில் நின்றால் ரிமோட் வேலை செய்தது. தென்னைமரத்தைத் தாண்டியதும் செத்துவிட்டது.

"ஏத்தா, மோட்டார் பக்கத்துல போய் நின்னு அமுக்குறதுக்கு எனக்கு ரிமோட்டு எதுக்கு? கைய நீட்டி சுவிச்சப் போட்டுட்டுப் போறேன்" என்றார். பக்கத்துத் தோட்டத்தில் போன வருஷம் வாங்கிய எங்கள் ரிமோட் இருந்தது. அதை வாங்கிப் பார்த்தேன். ரோட்டிலிருந்து அமுக்கினாலே அவர்கள் மோட்டார் ஓடியது. அப்படியென்றால் கோளாறு புதிதாகச் செய்த போர்டுகளில். அவருடையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

ஆன்டெனாவுக்கு முன்னால் சில சின்னப் பாகங்கள் இருக்கும். ரேடியோவின் பலம் முழுக்க ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது அவற்றின் மதிப்பு சரியாக இருப்பதைப் பொறுத்தது. அரிசிக்குருணை அளவுகூட இல்லாத அவற்றின்மேல் எந்த எழுத்தும் இருக்காது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் போர்டு செய்யும் லைனில் போய் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"குவாலிட்டி சார்தான் மாத்தச் சொன்னாரு மேடம். வந்த சரக்கு பூராம் டூப்ளிகேட்டாம்."

குவாலிட்டி சார் எங்கள் கம்பெனிக்குப் புதிது. எங்கேயோ பெரிய தொழிற்சாலையில் இருந்துவிட்டு வந்தவர். வந்த வாரமே சுவரெல்லாம் தரம் பற்றிய வாசகங்கள் ஒட்டினார். பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'சிஸ்டம்' வைப்பார். பாகங்களின் மதிப்பை அளக்கும் எல்சிஆர் மீட்டருக்கு வெளியூரிலிருந்து ஒரு ட்வீசர் ப்ரோப் வாங்கியதை முதலாளியிடம் தன் முதல் சாதனையாகச் சொல்லியிருந்தார். இடுக்கிபோல அதன் இரண்டு முனைகளால் பாகத்தைப் பிடித்தால் மீட்டர் மதிப்பைக் காட்டும். நல்ல சாமான்தான்.

நான் அவர் அறைக்குள் போனபோது எங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் பாய் அங்கே உட்கார்ந்திருந்தார். டவுனில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். விசாரணைக்கு வரவழைத்திருக்கிறார்கள். மேஜைமேல் அவர் கொடுத்த, பாகங்கள் சுற்றிய ரீல்கள் பிடிபட்ட திருட்டுச் சாமான்போலப் பரப்பிக் கிடந்தன.

"மேடம், நீங்களே பாருங்க" என்றார் குவாலிட்டி சார். "இந்தக் கெப்பாசிட்டர் மூணு புள்ளி மூணு பிகோஃபாரட்னு லேபிள். அளந்தா நாலு புள்ளி ஒண்ணு. இந்த இண்டக்டர் எரநூத்தி இருபது நானோஹென்றின்னு போட்ருக்கு, எரநூத்தி அறுபத்தஞ்சு வருது. பெரிய கெப்பாசிட்டர்ல இவங்க கை வைக்கல. சின்னதுல மட்டும் விளையாடியிருக்காங்க."

"பெரிய கம்பெனி ரீலு சார், சீலு பிரிக்காமக் குடுத்தேன்" என்றார் பாய். "உள்ள பூந்து ஒவ்வொண்ணுலயும் பாயின்ட் எட்டு சேத்தா வச்சேன்?"

"அதத்தான் கேக்குறேன், எப்படிச் சேத்தீங்க?"

இதற்குச் சிரிப்பதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. போர்டில் எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார். கிடங்கில் இரண்டு புள்ளி ஏழு என்று லேபிள் போட்ட ரீல் ஒன்று இருந்ததாம். அளந்தால் மூன்று புள்ளி ஐந்து காட்டியதாம். "லேபிள் மாறியிருக்கு. இதுதான் அசல் மூணு புள்ளி மூணு, டாலரன்ஸுக்குள்ள வருது" என்று கண்டுபிடித்திருக்கிறார். நூற்றெண்பது இண்டக்டர் இருநூற்றிருபத்தைந்து காட்டியதால் அதையும் இருநூற்றிருபது என்று ஏற்றிவிட்டார். உலகத்தில் லேபிள் ஒட்டுகிற அத்தனை பேரும் ஒரே மாதிரி தப்புச் செய்கிறார்கள். தன் மேஜையில் இருக்கும் மீட்டர் மட்டும் சத்தியம் பேசுகிறது. இந்த எண்ணம் ஒரு மனிதனுக்கு வருவதற்கு எம்புட்டுத் தன்னம்பிக்கை வேண்டும்!

"சார், ப்ரோப்பில ஒண்ணும் வைக்காதீங்க. பாகத்தப் பிடிச்சா முனை எம்புட்டு விலகியிருக்குமோ அம்புட்டு மட்டும் விலக்கி, அசையாம வைங்க. என்ன காட்டுது?"

மீட்டர் சற்றுத் தள்ளாடி, புள்ளி எட்டு பிகோஃபாரட் என்று நின்றது.

"காத்துக்கு மதிப்பு போட்ருக்கு" என்றார் பாய் மெதுவாக.

குவாலிட்டி சார் மீட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டினார். "கேலிப்ரேஷன் இருக்கு மேடம். தேதி இன்னும் முடியல."

சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துக் கேலிப்ரேஷன் செய்தது மீட்டருக்கு மட்டும். இந்த ப்ரோப் அதற்குப் பிறகு வந்தது. ப்ரோப்பின் முனைகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் எப்போதும் இருக்கும். வைக்கிற பாகத்தோடு அது கூடிக்கொள்ளும். கம்பிக்கே கொஞ்சம் இண்டக்டன்ஸும் உண்டு; அது இண்டக்டரோடு கூடும். பெரிய கெப்பாசிட்டரில் புள்ளி எட்டு கண்ணுக்கே தெரியாது. மூன்று புள்ளி மூன்றில் அது கால்வாசி. அதனால்தான் அளக்கும் முன் முனைகளைத் திறந்து வைத்து ஒருமுறை, ஒட்டி வைத்து ஒருமுறை மீட்டரைப் பார்க்கவிட வேண்டும். ப்ரோப்பின் பங்கு எவ்வளவு என்று அது தெரிந்துகொண்டு, பிறகு கழித்துச் சொல்லும். மீட்டரில் அதற்கென்றே ஓப்பன், ஷார்ட் என்று இரண்டு மெனு இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் செய்வது. வாசகம் ஒட்டுகிற அவசரத்தில் சார் அந்த மெனுவைத் திறந்து பார்க்கவில்லை.

அவர் முன்னாலேயே இரண்டையும் செய்தேன். பாயின் ரீலிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தேன். மூன்று புள்ளி மூன்று சொச்சம். இண்டக்டர், இருநூற்றிருபதுக்கு ஒன்று குறைவு. அவர் 'அசல்' என்று போர்டில் ஏற்றியது இரண்டு புள்ளி ஏழேதான்.

பாய் ரீல்களை ஒவ்வொன்றாக அடுக்கி மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினார். "நான் வாரேன் மேடம்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். குவாலிட்டி சார் மன்னிப்புக் கேட்பார் என்று பாய் வாசலைத் தாண்டும்வரை எதிர்பார்த்தேன். அவர் மீட்டரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விற்றுப்போன ரிமோட்டுகளைத் திரும்ப வாங்கி, பாகங்களை மாற்றி, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். சோழவந்தான் அண்ணன் களத்துமேட்டில் நின்று அமுக்கிப் பார்த்து, மோட்டார் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

குவாலிட்டி சார் முதலாளிக்கு அனுப்பிய அறிக்கையில் 'மீட்டர் அமைப்பில் ஏற்பட்ட தற்காலிகக் குறை சரிசெய்யப்பட்டது' என்று இருந்தது. மீட்டர் பாவம், அதற்கு வாய் இல்லை. பாய் அதன்பின் சரக்கை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிவிடுவார். எங்கள் கேட்டுக்குள் காலே வைக்கவில்லை.

அதோடு விட்டாரா குவாலிட்டி சார்? தினமும் காலையில் ஓப்பன், ஷார்ட் செய்வது கட்டாயம் என்று புதிதாக ஒரு வாசகம் ஒட்டினார். தானே வந்து நின்று, பூஜைபோல பயபக்தியோடு செய்வார். ஒருநாள் பார்த்தேன். மீட்டரோடு வந்த பழைய கிளிப்பை மாட்டி இரண்டையும் செய்துவிட்டு, அதைக் கழற்றி வைத்து, ட்வீசரை மாட்டி அளக்க ஆரம்பித்தார்.

"சார், எதுல அளக்கப்போறீங்களோ அதுலதான் செய்யணும்" என்றேன்.

"ரெண்டுமே கம்பிதான மேடம்" என்றார்.

கொஞ்ச நாளில் வேறு ஊரில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் அளவைத் துறையில் அவர் கொண்டுவந்த முன்னேற்றங்களை முதலாளி பாராட்டிப் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் மிக்சரைச் சாப்பிட்டு முடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.