சார் யோசிக்க வேண்டாத மெசேஜ்

எங்கள் அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. ஆஸ்பத்திரிச் சீட்டும் பில்லும் ஒத்துப்போகிறதா என்று கணினியில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். என் பக்கத்து சீட்டில் இருப்பவரை எல்லோரும் அக்கா என்போம். மேலாளரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார், அவருக்கு அக்காவைவிட வயது அதிகம் என்றாலும். எனக்கு வழுக்கை விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது, அக்கா மட்டும் இன்னும் என்னைத் தம்பி என்கிறார். நானும் விட்டுவிட்டேன்.

அக்காவுக்குச் சம்பளமில்லாத இன்னொரு வேலை உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு யார் மெசேஜ் போடுவதானாலும், முதலில் அது அக்காவிடம் போகும்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பாக்கலாம்’. என்ன கேட்டாலும் அதுதான் பதில். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்தப் பாக்கலாமுக்குள் போன கோரிக்கை திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. நாங்களெல்லாம் அவரைத் திட்டித் தீர்ப்போம். அக்கா மட்டும் வேறு மாதிரி சொன்னார்.

“அவரு என்ன பண்ணுவாரு பாவம்? நீங்க ஒரு வரி தட்டி விட்டுடறீங்க. எந்த நாளு, எதுக்கு, உங்க வேலைய யாரு பாப்பாங்க, எல்லாத்தையும் அவரே யோசிக்கணும். யோசிக்க நேரமில்லாதவரு பாக்கலாம்னுதான் சொல்வாரு.”

எங்கள் குழுவில் ஒருவன் இருக்கிறான். ஆள் வாட்டசாட்டம், பெயரே மலை. ஒருநாள் மேலாளருக்கு அனுப்ப இப்படி எழுதிக்கொண்டு வந்தான்: ‘சார், வீட்ல கொஞ்சம் பிரச்சனை. நாலஞ்சு நாள் வீட்லேர்ந்து பாக்கட்டுமா? ப்ளீஸ் சார்.’ கூடவே மூன்று கும்பிடு படம்.

அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்ன பிரச்சனை?”

“பாத்ரூம் குழாய் மாத்தறாங்கக்கா. தரையெல்லாம் ஒடைக்கணும். அவளுக்கு ஆஸ்பத்திரி டூட்டி, வீட்ல யாராச்சும் இருக்கணும்.”

“இதச் சொல்றதுக்கு என்ன வெக்கம்? பிரச்சனைன்னு போட்டா, பொண்டாட்டி கோச்சுக்கிட்டுப் போயிட்டாளோன்னு நெனப்பாரு. நாலா அஞ்சா?”

“மேஸ்திரி மூணு நாள்ங்கறாரு.”

“அப்ப மூணு. தரைய ஒடைக்கிற சத்தத்துல புதன்கிழமை மீட்டிங்ல எப்படிப் பேசுவ?”

மலை அதை யோசித்திருக்கவே இல்லை. பத்து நிமிஷத்தில் கும்பிடுகள் மூன்றும் போய், மெசேஜ் இப்படி ஆனது:

‘சார், வரும் செவ்வாய் முதல் வியாழன் வரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும். குளியலறைக் குழாய் மாற்ற ஆட்கள் வருகிறார்கள், மனைவிக்கு அந்த நாட்களில் பணி இருப்பதால் நான் வீட்டில் இருக்க வேண்டும். என் கோப்புகளை வழக்கமான நேரத்தில் முடித்துவிடுவேன். தபாலில் வரும் அசல் பில்களை ஸ்கேன் செய்ய என் முன் சீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். சத்தம் இருக்கும் என்பதால் புதன்கிழமைக் கூட்டத்தில் மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து கலந்துகொள்கிறேன். வெள்ளிக்கிழமை அலுவலகம் வந்துவிடுவேன்.’

முன் சீட்டுக்காரர் என்பது நான். நான் ஒப்புக்கொண்ட விஷயம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது. “என்ன தம்பி, செய்வ இல்ல? முடியாதுன்னா இப்பவே சொல்லு, பொய் எழுத மாட்டேன்” என்றார் அக்கா. தலையாட்டினேன். மலை டீ குடித்துவிட்டு வருவதற்குள் ‘சரி’ என்று பதில் வந்திருந்தது.

இப்படி ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த அக்கா, தனக்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. அதனால்தான் அன்று மேலாளர் டீ மெஷின் பக்கம் என்னை ஓரங்கட்டி, “அக்கா வேற எங்கயாவது வேலை தேடறாங்களா?” என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

போனைக் காட்டினார். ‘சார், சொந்த வேலையாக அடுத்த வாரம் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா?’ என்று அக்கா எழுதியிருந்தார். அவ்வளவுதான். “அடுத்தவனுக்குக் குழாய் வரைக்கும் எழுதிக் குடுக்கறவங்க, தனக்கு இப்படி மூடி மறைச்சு எழுதினா என்ன அர்த்தம்? இன்டர்வியூதானே?” என்றார். பதில் வழக்கம்போல் ‘பாக்கலாம்’.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக சீட்டுக்குப் போனேன்.

“என்னக்கா இது? கும்பிடு படம் ஒண்ணுதான் பாக்கி!”

அக்கா முதலில் மழுப்பினார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். மகளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியின் கடைசிப் பரீட்சை தொடங்குகிறது. நன்றாகப் படிக்கிற பெண். ஆனால் மாதிரித் தேர்வில் இரண்டு முறை வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். விடுமுறையில் நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து படிக்கிறாள். சாயங்காலம் அக்கா போய்ப் பார்த்தால் காலையில் திறந்த பக்கத்திலேயே இருக்கிறாள். அப்பா வெளியூர் வேலையில்.

“நீ சொல்லித்தர வேணாம், பேசவும் வேணாம், சும்மா வீட்ல இரும்மாங்கறா. சும்மா இருக்கறதுக்கு லீவா தம்பி? இத எப்படிக் காரணம்னு எழுதறது?”

அக்காவின் கண் கலங்கியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அதட்டினேன்.

“எந்த நாள்?”

“திங்கள்லேருந்து வியாழன்.”

“வேலை முடியுமா?”

“அவ உள்ள படிப்பா, நான் கூடத்துல உக்காந்து பாத்துடுவேன். மத்தியானம் சாப்பிடறப்ப மட்டும் அரைமணி போன எடுக்க முடியாது. அவகூட உக்காரணும்.”

“தபால் பில்லு?”

அக்கா என்னைப் பார்த்தார். “சரி, நான்தான். எப்பவும் நான்தானே!” என்றேன். அவர் சொன்னதையெல்லாம் சொன்னபடியே தட்டினேன். காரணம் என்ற இடத்தில் மட்டும் அக்கா என் கையைப் பிடித்தார். உதறிவிட்டு எழுதினேன்: ‘மகளுக்குப் பரீட்சை பயம். நான் வீட்டில் இருந்தால் படிக்க முடிகிறது என்கிறாள்.’ அக்கா இரண்டு தடவை படித்தார். ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு அனுப்பினார்.

மேலாளர் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். “இன்டர்வியூ இல்லையே?” என்றார் முதலில். அப்புறம், “தாராளமா இருங்க. இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் தூங்கியிருப்பேன்ல?” என்றார். அக்கா போனால் குழுவே படுத்துவிடும் என்று மனுஷர் உண்மையிலேயே பயந்திருக்கிறார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அக்காவின் கோப்புகள் எங்களுக்கு முன்னால் முடிந்து வந்து நின்றன. நான் தபால் பில்களை ஸ்கேன் செய்து முதுகு விட்டுப்போய்த் தினமும் அக்காவுக்கு போன் பண்ணினேன். மகள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பதும், அம்மா இருக்கிறாள் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திக்கொள்வதுமாக இருக்கிறாளாம். “தண்ணி வேணுமான்னா வேணாங்கறா. எதுக்கு வந்தன்னா ஒண்ணுமில்லங்கறா” என்று சிரித்தார். செவ்வாய்க்கிழமை கதவு திறக்கிற இடைவெளி நீண்டிருக்கிறது. புதன்கிழமை மத்தியானம் வரை திறக்கவே இல்லையாம். இதை அக்கா கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் சொன்னார்.

அன்று மாலை மேலாளருக்கு ஒரு மெசேஜ் வந்தது. அவர் அதை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, அக்காவே எழுதியது.

‘சார், வியாழக்கிழமைக்குக் கேட்ட அனுமதி தேவைப்படவில்லை. நாளை வழக்கமான நேரத்துக்கு அலுவலகம் வருகிறேன். தபால் பில்களை நானே பார்த்துக்கொள்கிறேன். காரணம்: இன்று வீட்டிலேயே முழு மாதிரித் தேர்வையும் மகள் எழுதி முடித்துவிட்டாள். நாளைக்கு நான் வீட்டில் இருந்தால் தொந்தரவாக இருக்கும் என்கிறாள்.’