முறிந்த சலாகை

அந்த வருஷம் கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வழக்கத்துக்கு முந்தியே தொடங்கிவிட்டது. கிணறுகளில் தண்ணீர் அடியோடு ஒட்டிக் கிடந்தது. கல்முனைப் பக்கத்துச் சுகாதார அலுவலகம் ஒன்றில் நான் அப்போது வரைபடக் கிளாக்கர். வரைபடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எந்தக் குறிச்சியில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று வாரா வாரம் கிராஃப் கடதாசியில் ஆள் தொகைக்கேற்ற உயரத்துக்குச் சலாகை, அதாவது நெட்டுக்குத்தான பட்டை, போட்டு, மட்டக்களப்பில் இருந்த பெரிய அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தச் சலாகைகளைப் பார்த்துத்தான் கிணறுகளுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரைப் பங்கிட்டு அனுப்புவார்கள்.

நெருப்புக் காய்ச்சல் என்ற டைபாய்ட் பரவியது எங்கள் ஊரின் ஐந்து குறிச்சிகளில். முதலாம் குறிச்சி கடற்கரை. வலைக்காரர் குடியிருப்பு, இருபது வீட்டுக்கு ஒரு கிணறு. அங்கே இருநூற்று நாற்பது பேர் படுத்துக் கிடந்தார்கள். மற்ற நான்கிலும் நாலு, ஆறு, ஒன்பது, பதினான்கு. அந்தப் பதினான்கு வயல்கரையிலுள்ள ஐந்தாம் குறிச்சி. முந்திய வாரம் அங்கே ஐந்துதான் இருந்தது. என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா, அங்கேதான் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தாள்.

எட்டு அங்குலக் கடதாசியில் இருநூற்று நாற்பதை நிறுத்தினால் அங்குலத்துக்கு முப்பது பேர். ராத்தாவின் குறிச்சி அரை அங்குலம்கூட வரவில்லை. மற்றவை தரையில் சிந்திய மைபோல் கிடந்தன. ஐந்து பதினான்காக ஏறியது அந்தப் படத்தில் யார் கண்ணுக்கும் படாது. பனைமரத்துக்குப் பக்கத்தில் கோழிக்குஞ்சை நிறுத்தி உயரம் பார்க்கச் சொன்ன மாதிரி.

பெரிய கிளாக்கர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். அக்கரைப்பற்றுப் பக்கத்தார், கணக்கில் கெட்டிக்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை.

"இதுக்கு ரெண்டு வழி இருக்கு தம்பி. ஒண்டு, பெரிய சலாகைய நடுவுல முறிச்சி, மேல மிச்சத்தக் காட்டுறது. மத்தது, பெரிய படத்த இப்பிடியே வெச்சிட்டு, ஓரத்துல வெறும் இடத்துல சின்னக் கட்டம் ஒண்டு போட்டு, சின்னதுகள மட்டும் வேற அளவுல பெருசாக் கீறுறது."

"எது நல்லம் ஐயா?"

"கட்டம்தான். ஆனா புதுக் கடதாசி வேணும், அரை நாளும் போகும். முறிக்கிறதெண்டா கவனம். அங்க இருக்கிற ஐயா இலக்கம் பாக்க மாட்டார். அடிமட்டத்த வெச்சி அளந்துதான் பங்கு பிரிப்பார்."

அது ஊரறிந்த சங்கதி. பவுடரைப் பங்கிடும் அந்த அதிகாரிக்கு இலக்கங்களில் நம்பிக்கை இல்லை. கிளாக்கர்மார் இலக்கத்தைப் பிழையாக எழுதுவார்கள், கோடு பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. படத்தை மேசையில் விரித்து, சலாகைக்குச் சலாகை அடிமட்டக் கோலை வைத்து, அங்குலக் கணக்கில் டிரம் ஒதுக்குவார்.

தபால் பஸ் இரண்டு மணிக்கு. எனக்கு நேரமில்லை என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மெழுகித் தள்ளுவதில் என்ன பயன்? நான் முறித்தது ராத்தாவுக்காக. அடிமட்டம் வைத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் முறித்தேன்.

அங்குலத்துக்கு நாலு பேர் என்று அளவை மாற்றினேன். ஐந்தாம் குறிச்சி மூன்றரை அங்குலத்துக்கு எழும்பி நின்றது. பார்க்க மனசு குளிர்ந்தது. முதலாம் குறிச்சியின் சலாகையைப் பதினாறு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினேன். மேலே கால் அங்குலம் வெறுமையாக விட்டு, இரண்டு பக்கமும் பல்லுப் பல்லாக நெளிகோடு. அதற்கு மேல் இருநூற்று முப்பத்தாறில் மறுபடி தொடங்கி இருநூற்று நாற்பதில் முடித்தேன். இடப்பக்க அச்சிலும் அதே இடத்தில் முறிவு போட்டேன். தலையில் இலக்கத்தையும் எழுதினேன். முறை என்று பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பதினேழு மடங்கு உயரமாக நிற்க வேண்டிய சலாகை, அடிமட்டத்துக்கு ஒன்றரை மடங்காகிவிட்டது.

படத்தைப் பார்த்து அனுப்ப வேண்டிய எங்கள் அலுவலக டாக்டர் வேறு ஊர்ப் பயணத்தில் இருந்தார். பெரிய கிளாக்கர் படத்தை வாங்கி, என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு உறையில் போட்டார்.

நாலாம் நாள் லொறி வந்தது. பதினெட்டு டிரம். கடிதத்தில் ஒதுக்கீடு: முதலாம் குறிச்சிக்கு ஏழு, ஐந்தாம் குறிச்சிக்கு ஐந்து, மற்றவைக்கு மூன்று, இரண்டு, ஒன்று. அடிமட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஐந்தாம் குறிச்சிக் கிணறுகளுக்கெல்லாம் மருந்து போட்டும் மிஞ்சியது. கடற்கரையில் பாதிக் கிணறுகளோடு தீர்ந்துபோனது. மிஞ்சியதைக் கடற்கரைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "ஒதுக்கினத மாத்த மேல இருந்து கடிதம் வரணும்" என்றார் பெரிய கிளாக்கர்.

அன்றைக்கே புதுக் கடதாசி எடுத்தேன். முதலாம் குறிச்சியை முறிக்காமல் எட்டு அங்குலத்துக்கும் ஏற்றினேன். அதன் வலப்பக்கத்து வெற்றிடத்தில் சின்னக் கட்டம் கீறி, நாலு குறிச்சிகளையும் அதற்குள் பெரிதாக்கி, 'இந்தக் கட்டத்துக்குள் மட்டும் அளவு வேறு. அடிமட்டம் வைக்க வேண்டாம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். பெரியதும் சின்னதும் ஒரே தாளில் ஒன்றையொன்று அமுக்காமல் நின்றன. முதல் நாளே அரை நாள் மினக்கெட்டிருந்தால் இதுதான் போயிருக்கும். அதை அனுப்பி மறுமொழி வர ஒன்பது நாள் எடுத்தது.

அந்த ஒன்பது நாளும் காற்று நிற்கவில்லை. கடற்கரைப் பள்ளிவாசலிலிருந்து யாரோ இறந்ததாக மௌத்து அறிவிப்புக் கேட்கும்போதெல்லாம் கையில் இருந்த பேனை நின்றுவிடும். ராத்தா வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் முற்றத்தில் ஓடித் திரிந்தன. "உன்ட ஆபீஸால வந்த மருந்து, அல்ஹம்துலில்லாஹ்" என்று ராத்தா இடியப்பம் வைத்தாள். தட்டை மூடி வைத்துவிட்டு எழும்பினேன்.

எட்டாம் நாள் காலையில் கடற்கரையிலிருந்து ஒருவர் வந்தார். வலைக்காரர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், தலையில் தொப்பி, நான் காக்கா என்று கூப்பிடும் வயது. எங்கட கிணத்துக்கு எப்போது மருந்து வரும் என்று கேட்க வந்தவர், சுவரில் தொங்கிய முதல் படத்தின் பிரதியைப் பார்த்து நின்றுவிட்டார். கழற்றி வைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"இதுல எங்கட குறிச்சி எது தம்பி?"

காட்டினேன்.

"மத்த குறிச்சிக்காரருக்கும் எங்களுக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லப் போல."

அவர் கிட்டப் போய் நெளிகோட்டில் விரல் வைத்தார்.

"இது என்ன, நடுவுல ஒண்டுமில்லாம?"

"கடதாசியில இடம் காணாது காக்கா. அதுதான் முறிச்சிக் காட்டியிருக்கு."

"முறிச்ச இடத்துல எத்தன பேர்?"

"இருநூத்தி இருபது."

அவர் விரலை எடுக்கவில்லை. "எண்ட மகள் முந்தாநாள் மௌத்தாப் போயிட்டா. அவவும் இதுலதானே இருக்கா? எந்த இடத்துல எண்டு காட்டுங்க தம்பி."

வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் காய்ச்சல் பதிவேட்டைப் புரட்டினேன். பிள்ளையின் வாப்பாவாக அவர் பெயரைக் கேட்டு, விரலால் தடவிக்கொண்டு போனேன். முதலாம் குறிச்சியில் அவளது வரிசை இலக்கம் நூற்றுப் பன்னிரண்டு. பதினாறுக்கு மேல், இருநூற்று முப்பத்தாறுக்குக் கீழ். அவர் விரல் அதே வெற்றிடத்தில்தான் இருந்தது.

"அங்கதான் காக்கா" என்றேன்.