சிவப்பு சேர் எல்லாத்தையும் எடுத்துடு

இசைவாணின்னா பிடிவாதம், அதுல சந்தேகமே வேணாம். நைனார்பாளையத்துலேர்ந்து தினம் பஸ் புடிச்சு கள்ளக்குறிச்சிக்கு வர்றவ. செழியனோட ஸ்டுடியோவுல பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் குடுக்கிற ஆளாத்தான் சேர்ந்தா. இப்ப கல்யாண ஆல்பம் மொத்தமும் அவ கையிலதான் முடியுது. யாரு தலைக்குப் பின்னால கரண்டு கம்பம் முளைச்சிருக்கு, யாரு கண்ணை மூடிக்கினாங்க, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

இந்த ஊரு கல்யாணத்துல போட்டோவைக் கெடுக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், சிவப்பு பிளாஸ்டிக் சேர். பொண்ணுக்குப் பட்டுப்புடவை, மேடைக்கு அத்தனை பூ, எல்லாம் செஞ்சிட்டு முன்னால கோணல்மாணலா சேரைப் போட்டு வெச்சிருப்பாங்க. முன்னெல்லாம் இசைவாணி ஒவ்வொரு சேரையும் மவுஸால சுத்திச் சுத்தி கோடு போட்டு எடுப்பா. மணிக்கட்டு வீங்கிப் போவும். இப்ப புது சாஃப்ட்வேர் வந்துடுச்சு. என்னத்த எடுக்கணுமோ அதை இங்கிலீஷ்ல டைப் பண்ணா போதும், படத்துல அந்த மாதிரி இருக்கிறது அத்தனையும் நீலமா மினுக்குது. ஒண்ணொண்ணும் தனித்தனியாத்தான் புடிச்சிருக்கும், வேணாம்னா அதை மட்டும் விட்டுடலாம். அப்புறம் ஒரு பட்டன். சேர் போன எடத்துல தரை எப்பிடி இருந்திருக்கும்னு அக்கம்பக்கம் பாத்து அதுவே யூகிச்சு வரைஞ்சு நிரப்பிடும்.

கல்வராயன் மலையில இருக்கிற வெள்ளச்சியோட மக தேவிப்ரியா கல்யாணம், கள்ளக்குறிச்சி மண்டபத்துல நடந்துச்சு. மாப்பிள்ளை வூடு மலைக்குக் கீழ, சமவெளி ஆளுங்க. மாப்பிள்ளையோட அண்ணன் ராஜேஷ்குமார்தான் போட்டோ வேலையெல்லாம் பேசினாரு. "பெரிய படம் ஒண்ணு ரெண்டு வூட்டுக்கும் மாட்டணும். அதுல சேர் ஒண்ணுகூடத் தெரியக் கூடாதுங்க." அவரு சொன்னது அவ்ளோதான்.

இசைவாணி படத்தை மேடை அளவுக்கு வெட்டிக்கினு, வெறும் 'சேர்'னு இங்கிலீஷ்ல அடிச்சா. பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற தங்கக்கலர் நாற்காலியும் சேர்ந்து மினுக்கிச்சு. அழிச்சிட்டு 'ரெட் பிளாஸ்டிக் சேர்'னு அடிச்சா. தங்க நாற்காலி தப்பிச்சுது, சிவப்பு மட்டும் மாட்டிச்சு. சேரோட நிழலும் போவணுமேன்னு விளிம்பைக் கொஞ்சம் தாராளமாவே விரிச்சா. பட்டனை அழுத்தினா. மேடை தொடைச்சு விட்டாப்ல ஆயிடுச்சு. பொண்ணு மூஞ்சி, மாப்பிள்ளை மூஞ்சி பாத்தா, சரியா இருந்துச்சு. பிரிண்டுக்கு அனுப்பிட்டா.

ஒரு வாரம் கழிச்சு வெள்ளச்சி மலையிலேர்ந்து பஸ் ஏறி எறங்கி வந்தாங்க. புடவையில சுத்தின பிரேமை மேசை மேல வெச்சாங்க.

"பாப்பா, எங்க வூட்டுக்காரரு எங்க?"

இசைவாணிக்கு ஒண்ணும் புரியல.

"மேடையில பொண்ணு பக்கத்துல சேர் போட்டு, அவரு போட்டோவை வெச்சு மாலை போட்டிருந்தோம். அவரு கால்ல விழற மாதிரிதான் புள்ளைங்க அந்தப் படத்து முன்னால விழுந்துச்சுங்க. இதுல தரைதான் இருக்குது."

வெள்ளச்சி புருசன் தர்மன் போன வருசம் செத்துட்டாரு. போன அப்பன் போட்டோவை ஒரு சேர்ல உக்கார வெச்சுத்தான் நம்ம பக்கம் தாலி கட்டுவாங்க. அந்தச் சேரும் மண்டபத்து சிவப்பு சேர்தான். சாஃப்ட்வேர் இவ கேட்டதைத்தான் செஞ்சுது, சிவப்பு சேர் எல்லாத்தையும் புடிச்சுது. சேருக்கு நடுவுல சின்னதா இருந்த போட்டோவை, இவ விரிச்ச விளிம்பு நாலு பக்கமும் வந்து மூடிடுச்சு. குத்தம் மிஷின் மேல இல்ல. தனித்தனியா காட்டினத எட்டிப் பாக்காம விட்டது இவ.

செழியன் எழுந்து வந்தாரு. "இதுக்கு இன்னாம்மா, அவரு படத்தை மேல மூலையில வட்டமா வெச்சுக் குடுத்துடறோம். எல்லாரும் அப்பிடித்தான வெக்கறாங்க."

"மேல வெக்காதீங்க சாமி. மேல வெச்சா செத்தவரு. அன்னிக்கு அவரு மேடையில எங்ககூட உக்காந்திருந்தாரு."

இசைவாணி, "ஒக்காருங்க அக்கா. இன்னிக்கே எடுத்துக்கினு போவலாம்"ன்னா.

மொதல்ல போட்டோவை விட்டுட்டு சேரை மட்டும் அழிச்சுப் பாத்தா. தர்மன் அந்தரத்துல தொங்கினாரு. ச்சீ, இது இன்னா கண்றாவின்னு அழிச்சா. மறுபடியும் நிரப்பச் சொன்னா, அது தானா ஒரு மர முக்காலி செஞ்சு குடுத்துச்சு. அப்பிடி ஒரு முக்காலியே அந்த மண்டபத்துல கெடையாது. பொய்யை அவரு கீழ போட்டு உக்கார வெக்கறதான்னு அதையும் அழிச்சா. சேர் இருந்தாத்தான் அவரு இருப்பாருன்னு முடிவு பண்ணிட்டா.

ராஜேஷ்குமாருக்குப் போன் போட்டா.

"சேரே வேணாம்னு சொன்னேன்ல?"

"சேரு இல்லீங்க சார், உங்க தம்பி மாமனாரு. அவரை எழுப்பி அனுப்பச் சொல்றீங்களா?"

செழியன் தலையில கை வெச்சுக்கினாரு. அந்தப் பக்கத்துலேர்ந்து, "ரெண்டு படத்துலயும் அப்பிடியே வெச்சிடுங்க"ன்னு கேட்டுச்சு.

கேமராவிலேர்ந்து வந்த முழுப் படத்தைத் தொறந்தா. அவசரத்துல மேடை அளவுக்கு வெட்ட மறந்துட்டு அப்பிடியே டைப் பண்ணா. மண்டபம் முழுக்க நீலம் மினுக்கிச்சு. இந்த வாட்டி ஒவ்வொண்ணா பெருசாக்கிப் பாத்தா. காலி, காலி, துண்டு போட்டு வெச்சது, காலி. தர்மன் சேரை மட்டும் அழிக்காம விட்டா. மேடைக்குக் கீழ, படத்தோட ஓரத்துல இன்னொரு சேர் மினுக்கிச்சு. அதுல ஆள் உக்காந்திருந்தாங்க. வெள்ளச்சி.

இசைவாணி திரும்பிப் பாத்தா. "நீங்க ஏன்கா மேடையில இல்ல?"

"புருசன் இல்லாதவ எதிர்ல நிக்கலாமான்னு அவங்க பக்கம் யாரோ முணுமுணுத்தாங்க. எதுக்கு வம்புன்னு நானே எறங்கி வந்துட்டேன். எங்க மலையில அப்பிடியெல்லாம் கெடையாது."

இசைவாணிக்குக் கோவம் காதுவரைக்கும் ஏறிச்சு. தாலி கட்டிக்கிற பொண்ணைப் பெத்தவ ஓரத்துல. அந்த ஓரத்தையும் போன வாரம் இவதான் ஒரு இழுப்புல வெட்டி எறிஞ்சிருந்தா. அந்தச் சேரையும் அழிக்காம விட்டா. மத்த காலி சேர் அத்தனையும் அழிச்சா. விளிம்பு எங்கயும் ஆள் மேல ஏறலையான்னு சுத்தி வந்து பாத்தா. படத்தை மேடை அளவுக்கு வெட்டல, வெள்ளச்சி உக்காந்திருந்த எடம் வரைக்கும் விட்டா.

சாயங்காலம் பிரேம் போட்டு பிரிண்ட் வந்துச்சு. வெள்ளச்சி ரெண்டு கையாலயும் வாங்கினாங்க. மேடையில சிவப்பு சேர்ல தர்மன். கீழ சிவப்பு சேர்ல அவங்க, அண்ணாந்து மேடையைப் பாத்துக்கினு. நடுவுல மறைக்க ஒரு சேர் இல்ல.

வெள்ளச்சி ரொம்ப நேரம் பாத்தாங்க. புடவைத் தலைப்பால பிரேம் கண்ணாடியைத் தொடைச்சாங்க. அது ஏற்கெனவே சுத்தமாத்தான் இருந்துச்சு.

"அன்னிக்கு முழுக்க எதிர்ல சேருங்க மறைச்சுக்கினே இருந்துச்சு பாப்பா. அவரு மூஞ்சி எனக்குத் தெரியவே இல்ல."