வரிசை நடுவில் கழற்றிய லைட்

தெரணியகலைக்குக் கீழே, ரப்பர் ஷீட் வாங்கி அடுக்கும் ஒரு சின்ன ஸ்டோரில் நான் தரம் பார்ப்பவன். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் குமிழி, பூஞ்சணம், தூசி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணின்மேல் எனக்குத் திமிர் இருந்தது.

பழைய டியூப் லைட்டுகள் ஒவ்வொன்றாகச் செத்ததும் முதலாளி டவுனிலிருந்து ஒரு வயரிங்காரரைக் கூட்டிவந்தார். முஸ்லிம் அண்ணன் என்ற முறையில் நாங்கள் அவரை நானா என்போம். அவர் முதலில் உயரத்தைத்தான் அளந்தார். லைட் தொங்கும் இடம் இருபது அடி. இருநூறு வாட்டில் மூன்று போட்டால் கீழே மூன்று வட்டம் பளிச்சென்றும் இடையெல்லாம் மங்கலாகவும் இருக்கும் என்று, ஒளி அகலமாக விரிகிற நூறு வாட் லைட் ஆறு எடுத்தார். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை. லைட்டுக்கு லைட் இருபது அடி, சுவருக்குப் பத்து. ஷீட்டுகளை அமுக்கிக் கட்டிய பேல் அடுக்குகள் ஒளியை மறைக்காதபடி, ஆள் நடக்கும் வழிகளுக்கு நேர் மேலே வரிசைகளை அமைத்தார். கொக்கியோடு ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காப்புச் சங்கிலியும் போட்டார். வெளிச்சம் அளக்கும் மீட்டரைத் தரையில் வைத்துப் பார்த்தால் எங்கேயும் எண் பெரிதாக மாறவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் மேசை மூலையில் இருந்தது. ஷீட்டில் என் நிழலே விழுந்தது. வாசல் பக்க வரிசையின் நடு லைட்டைக் கழற்றி என் தலைக்கு மேலே மாட்டச் சொன்னேன்.

"அண்ணே, இது தரைக்குப் போட்ட லைட்டு. மேசைக்கு அடுத்த கிழமை வேற கொண்டாறேன்," என்றார் நானா.

தரம் பிழைத்தால் நான் பொறுப்பில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். நானா மாற்றிவிட்டு, வெறுமையான இடத்தில் மீட்டரை வைத்து எனக்குக் காட்டினார். எண் பாதிக்கும் கீழே இருந்தது. நான் பார்க்காதவன்போல் திரும்பிக்கொண்டேன்.

அந்த வழியில் பேல்களுக்கு எழுத்துப் போடுகிறவள் என் மனைவி. நீலக் கோட்டோடு அங்கே நுழைந்தால் பேலில் பூசும் டால்க் பொடி ஒட்டிய கைகள் மட்டுமே தெரியும். அது எனக்கும் தெரிந்தது. ஆனாலும் கண் பழகிவிடும் என்று அவளிடம் சொன்னேன்.

நான்காம் நாள் காலை, மழைவிட்டு வெயில் கண்ணைக் கூசவைத்தது. பேல் தூக்கும் போர்க்லிப்ட் முற்றத்து வெயிலிலிருந்து ரிவர்ஸில் அந்த இருட்டு வழிக்குள் வந்தது. நான் ஒரு ஷீட்டைத் தூக்கிப் பிடித்திருந்தேன். குமிழி ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் அவள் கத்தினாள்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில், சக்கரம் ஏறி நசுங்கிய அவள் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். டிரைவர் பார்க்காமல் ஓட்டினான் என்று முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டாள்: "அந்த டிரைவர் பையன் மேல பழிய போட்டீங்களா?"

நான் லைட்டை மாற்றவைத்ததால்தான் அந்த வழி இருண்டது, மீட்டர் எண்ணைப் பார்த்தும் மறைத்தேன் என்று முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை என்றேன். பயமாக இருந்தது என்றும் சொன்னேன்.

"போய் சொல்லிட்டு வாங்க," என்றாள். "அதுவரைக்கும் இங்க வராதீங்க."